குறட்டை, மூச்சுத்தடை, காது இரைச்சல்: விசைத்தறிக்காரர் ஒருவரின் கேள்வி

வாசகர் கடிதம்

"டாக்டர் ஐயாவுக்கு வணக்கம். எனக்கு வயது 47. நாமக்கல் மாவட்டத்தில் சொந்தமாக எட்டு விசைத்தறி ஓட்டுகிறேன். இருபத்தைந்து வருஷமாகத் தறிச் சத்தத்தில்தான் வாழ்க்கை. ஒன்றரை வருஷமாக இரண்டு காதிலும் சில்வண்டு கத்துகிற மாதிரி ஓயாத இரைச்சல், இடப்பக்கம் கொஞ்சம் கூடுதல். படுத்தால் அது மட்டும்தான் கேட்கிறது. மெடிக்கல் ஷாப்பில் சொல்லி ஆல்பிரசோலாம் 0.25 வாங்கி எட்டு மாதமாகத் தினமும் ராத்திரி போடுகிறேன். குறட்டை பத்து வருஷமாக உண்டு. நடுவில் மூச்சு நின்று, திணறி எழுந்து, மறுபடி தூங்குகிறேன் என்கிறாள் மனைவி. அவள் காதில் பஞ்சு வைத்துக்கொண்டு படுக்கிறாள். பகலில் கணக்கு எழுத உட்கார்ந்தால் கண் சொருகுகிறது. எடை 88 கிலோ, உயரம் 168 செ.மீ., கழுத்துச் சுற்றளவு 42 செ.மீ. பிரஷருக்கு மாத்திரை சாப்பிடுகிறேன். தறியை நிறுத்திவிட்டு நேராகப் போய் எடுத்த ஆடியோகிராம் இணைத்துள்ளேன். பீட்டாஹிஸ்டின் மூன்று மாதம் சாப்பிட்டும் பலனில்லை. குறட்டையால்தான் காது போகிறது என்று நெட்டில் படித்தேன், உண்மையா? லேசரில் உள்நாக்கை வெட்டினால் குறட்டை, இரைச்சல் இரண்டும் நிற்கும் என்கிறார் மைத்துனர். மூச்சு மெஷின் வைத்தால் காதுக்குள் காற்று அடித்துச் செவிடாகிவிடும் என்கிறார் இன்னொருவர். மனைவியின் காதும் கெடுமா?"

காது, மூக்கு, தொண்டை மருத்துவரின் பதில்

அன்புள்ள வாசகருக்கு, உங்கள் ஆடியோகிராமிலிருந்தே தொடங்குகிறேன், பாதி பதில் அதிலேயே இருக்கிறது. அதில் டெசிபல் எண் கூடக் கூடக் கேட்கும் திறன் குறைவு என்று பொருள், கோடும் கீழே இறங்கும். 250 முதல் 1000 ஹெர்ட்ஸ் வரை இரண்டு காதும் 15, 20 டெசிபலில் நன்றாகவே இருக்கின்றன. 2000இல் 25. அதன் பிறகு கோடு சரிகிறது: 3000இல் 40, 4000இல் வலது 55, இடது 60. 8000க்கு வரும்போது மறுபடி 35க்கு ஏறிவிடுகிறது. 4000 ஹெர்ட்ஸ் அருகே பள்ளம் விழுந்து 8000இல் மேலே ஏறுகிற இந்த வடிவம் பல வருடச் சத்தம் காதில் விட்டுச் செல்லும் முத்திரை. வயதால் மட்டும் கேட்கும் திறன் குறைந்திருந்தால் 8000இல் இன்னும் கீழே இறங்கியிருக்கும். குறட்டைக்கோ மூச்சுத்தடைக்கோ இப்படி ஒரு தனி வடிவம் கிடையாது.

ஆக, காதைக் கெடுத்த முதல் ஆள் தறிதான். 85 டெசிபல் சத்தத்தில் ஒரு நாளைக்கு எட்டு மணி நேரம் இருக்கலாம், அதற்கு மேல் ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் நேரத்தைப் பாதியாகக் குறைக்க வேண்டும் என்பது பணியிடச் சத்தத்துக்குப் பரவலாகப் பயன்படுத்தப்படும் கணக்கு. 97 டெசிபல் என்றால் அரை மணி நேரம்தான். விசைத்தறிக் கூடத்தில் 95 டெசிபலைத் தாண்டுவது சாதாரணம். நீங்கள் அதில் ஷிப்ட் கணக்கில் நின்றிருக்கிறீர்கள். எதிராளி பேசுவது கேட்கிறது, ஆனால் சொல் பிடிபடவில்லை என்ற தொல்லை உங்களுக்கு இப்போது இருக்கும், இல்லாவிட்டால் சீக்கிரம் வரும். க, ச, த போன்ற எழுத்துகளின் கூர்மை இருப்பது அந்தப் பள்ளம் விழுந்த பகுதியில்தான்.

ஒரு திருத்தம். தறியை நிறுத்திய கையோடு எடுத்த ஆடியோகிராமை முழுதாக நம்ப முடியாது. பெரும் சத்தத்துக்குப் பிறகு காது சில மணி நேரம் மந்தமாக இருக்கும், பிறகு ஓரளவு மீளும். அந்த மந்தமும் உங்கள் கணக்கில் சேர்ந்திருக்கலாம். குறைந்தது 14 மணி நேரம் சத்தமில்லாமல் இருந்துவிட்டு எடுப்பதுதான் முறை. ஞாயிற்றுக்கிழமை தறி ஓடாது என்றால், திங்கட்கிழமை காலை கூடத்துக்குள் போவதற்கு முன்பு எடுங்கள். அப்போது வருகிற எண்தான் உங்கள் காதின் உண்மையான நிலை. இனி வருடா வருடம் ஒப்பிட வேண்டியதும் அதனோடுதான்.

குறட்டைக்கு இதில் பங்கு இல்லையா?

இருக்கிறது, ஆனால் நீங்கள் படித்த விதத்தில் இல்லை. குறட்டைச் சத்தம் உங்கள் சொந்தக் காதைச் செவிடாக்கவில்லை. சந்தேகப்பட வேண்டியது உங்கள் மனைவி சொன்ன அந்த நிசப்தத்தை. தூக்கத்தில் தொண்டைத் தசைகள் தளர்ந்து, நாக்கின் அடிப்பகுதியும் மென் அண்ணமும் பின்னால் சரிந்து மூச்சுப்பாதையை அடைத்துவிடுகின்றன. பத்து வினாடிக்குக் குறையாமல் காற்று நின்றால் அதை ஒரு மூச்சுத்தடை என்று எண்ணுகிறோம். அரை நிமிடம், ஒரு நிமிடம் நிற்பவர்களும் உண்டு. ரத்தத்தில் ஆக்சிஜன் இறங்குகிறது, மூளை அலறி உடம்பை அரை விழிப்புக்குக் கொண்டுவருகிறது, திணறலோடு மூச்சு திறக்கிறது. காலையில் உங்களுக்கு எதுவும் நினைவிருக்காது.

உள்காதுக்கு இது ஏன் பிடிக்காது என்றால், அதற்கு ரத்தம் கொண்டுபோவது முடி போன்ற ஒரே ஒரு தமனி. அது அடைபட்டாலோ அதில் வருகிற ரத்தத்தில் ஆக்சிஜன் குறைந்தாலோ கைகொடுக்க வேறு பாதை இல்லை. உள்காதின் செல்களோ இரவு பகல் பாராமல் ஆற்றலைச் செலவழிப்பவை. அவற்றில் ஆக்சிஜன் குறைவுக்கும் சத்தத்துக்கும் எளிதில் பலியாகிறவை வெளிப்புற மயிர்ச்செல்கள். கூர்மையான ஒலிகளைப் பிடிக்கும் அடிச்சுருளில் இருப்பவை இன்னும் பலவீனமானவை. அமெரிக்காவில் வாழும் ஹிஸ்பானிய மக்கள் சுமார் 14,000 பேரிடம் செய்து 2016இல் வெளியான ஆய்வில், மூச்சுத்தடை உள்ளவர்களிடம் கேட்கும் குறை கூடுதலாகக் காணப்பட்டது. வயது, எடை, சத்தத்தில் இருந்த அனுபவம் போன்றவற்றைக் கழித்த பிறகும் தொடர்பு நின்றது. ஆனால் அது ஒரே காலகட்டத்தில் இரண்டையும் அளந்து பார்த்த ஆய்வு. இரண்டும் சேர்ந்து வருகின்றன என்று காட்டுமே தவிர, ஒன்றுதான் மற்றொன்றைக் கொண்டுவந்தது என்று நிறுவாது. நெட்டில் படித்தது இந்த இடத்தில்தான் ஒரு படி தாண்டிப் பேசுகிறது.

இரைச்சல் விஷயத்தில் உறக்கத்தின் பங்கு இன்னும் தெளிவாகத் தெரியும். மயிர்ச்செல்கள் செத்த இடத்திலிருந்து மூளைக்குத் தகவல் வருவதில்லை. அந்த வெற்றிடத்தை ஈடுகட்ட மூளை தன் ஒலிப்பெருக்கத்தைக் கூட்டுகிறது. நீங்கள் கேட்கும் சில்வண்டு அதுதான். சோதனை அறையில் அதற்கு ஈடான ஒலியைக் கொடுத்துப் பொருத்திப் பார்த்தால், பெரும்பாலானவர்களுக்கு அது அவர்கள் கேட்கத் தொடங்கும் அளவுக்குச் சில டெசிபல்தான் மேலே இருக்கும். ஒருவரை அது பாடாய்ப் படுத்துவதும் இன்னொருவர் மறந்துவிடுவதும் இரைச்சலின் அளவைவிட, மூளை எவ்வளவு பதற்றமாகக் காத்திருக்கிறது என்பதைப் பொறுத்தது. மணிக்கு இருபது தடவை மூச்சு அடைபட்டு எழுகிற மூளை ஓய்ந்து எழுவதில்லை, அடுத்த ஆபத்துக்குத் தயாராக எழுகிறது. முந்தின இரவு தூக்கம் கெட்ட நாளில் உங்கள் இரைச்சல் கூடுதலாகத் தெரிகிறதா என்று கவனியுங்கள். தெரிந்தால், தறியால் கெட்ட காதை இனி திருப்ப முடியாவிட்டாலும், கெட்ட உறக்கத்தால் வரும் பாதியைக் குறைக்க வழி இருக்கிறது என்று பொருள்.

முதலில் அந்த மாத்திரை

உங்கள் கடிதத்தில் எனக்கு மிகவும் கவலை தந்தது உள்நாக்கும் இல்லை, இரைச்சலும் இல்லை, அந்த ஆல்பிரசோலாம்தான். அது தூக்கம் வரவைப்பதோடு தசைகளையும் தளர்த்தும், மூச்சு அடைபட்டதும் எழுப்புகிற அந்த எச்சரிக்கையையும் மந்தமாக்கும். மூச்சுத்தடை உள்ளவர் அதைப் போட்டால் அடைப்பு நீளலாம், ஆக்சிஜன் இன்னும் கீழே இறங்கலாம். இரவில் மது அருந்தினால் நேர்வதும் அதேதான். சளிக்கென்று வாங்கும் தூக்கம் தருகிற மாத்திரைகளிலும் கவனம் வேண்டும்.

ஆனால் இதைப் படித்துவிட்டு இன்றிரவே நிறுத்திவிடாதீர்கள். எட்டு மாதம் தினமும் போட்ட பிறகு சட்டென்று விட்டால் தூக்கமின்மை இருமடங்காகத் திரும்பும், பதற்றம் வரும், அபூர்வமாக வலிப்புகூட வரலாம். நிறுத்தும்போது காது இரைச்சல் சில வாரம் கூடுவதும் உண்டு. அதைக் கண்டு 'மாத்திரையே தேவலை' என்று பலர் திரும்பிவிடுகிறார்கள். உங்கள் ஊர் பொதுநல மருத்துவரிடமோ மனநல மருத்துவரிடமோ சென்று, வாரக்கணக்கில் படிப்படியாகக் குறைக்கும் அட்டவணையை எழுதி வாங்குங்கள். மெடிக்கல் ஷாப்காரர் கணக்கில் இது போகக் கூடாது.

பீட்டாஹிஸ்டின் மெனியர் நோயின் தலைச்சுற்றலுக்குத் தருகிற மருந்து. தலைச்சுற்றல் இல்லாத, சத்தத்தால் வந்த இரைச்சலில் அது பலன் தந்ததாகத் தரமான ஆய்வுகள் காட்டவில்லை. மூன்று மாதம் போதும், எழுதிக்கொடுத்தவரிடம் சொல்லி நிறுத்துங்கள். வைட்டமின், ஜின்கோ என்று இனி யாராவது கொடுத்தாலும் அந்தப் பணத்தை உறக்கப் பரிசோதனைக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

உறக்கப் பரிசோதனை எப்படி எடுப்பது

இதற்கு ஒரு சின்னக் கேள்விப் பட்டியல் உண்டு. எட்டு கேள்வி, ஒவ்வொன்றுக்கும் ஒரு மதிப்பெண். பலமான குறட்டை, பகல் சோர்வு, மூச்சு நிற்பதை வேறொருவர் பார்த்தது, ரத்த அழுத்தம் என நான்கும் உங்களுக்கு உண்டு. கழுத்து 40 செ.மீ.க்கு மேல், ஆண் என்பவை இன்னும் இரண்டு. வயது 50ஐத் தாண்டவில்லை, உடல் எடைக் குறியீடும் 35ஐத் தாண்டவில்லை (உங்களுடையது 31). எட்டுக்கு ஆறு. ஐந்து வந்தாலே சந்தேகம் வலுவானது. எனவே 'எடுக்கலாமா' என்பது கேள்வி இல்லை, எந்தப் பரிசோதனை என்பதுதான்.

அதற்கு முன் உங்கள் மனைவியிடம் ஓர் உதவி கேளுங்கள். அதிகாலை மூன்று, நான்கு மணி வாக்கில், நீங்கள் மல்லாந்து படுத்திருக்கும்போது, தலையும் மார்பும் வயிறும் தெரிகிற மாதிரி மூன்று நிமிடம் போனில் வீடியோ எடுக்கச் சொல்லுங்கள். போர்வை மேலே இருக்கக் கூடாது. நான் அதில் பார்ப்பது குறட்டையை அல்ல. குறட்டை ஏறிக்கொண்டே போய்ச் சட்டென்று அறுபடும். ஆனால் மார்பும் வயிறும் அசைவதை நிறுத்தாது. மார்பு உள்ளே இழுக்கும்போது வயிறு மேலே எழும், இரண்டும் எதிரெதிராகத் தள்ளாடும். உள்ளே இழுக்க உடம்பு போராடுகிறது, காற்றுப்பாதை அடைபட்டிருக்கிறது என்பதற்கு அது அடையாளம். பிறகு ஒரு பெரிய உறுமல், தோள் துள்ளும், புரண்டு படுப்பீர்கள். அறுபட்டதிலிருந்து உறுமல் வரைக்கும் வினாடியை எண்ணிக் குறித்துக்கொள்ளட்டும். இந்த வீடியோவை எந்த மருத்துவரிடம் காட்டினாலும் உங்கள் வார்த்தையைவிட அது வேகமாகப் புரியும்.

பரிசோதனையில் இரண்டு வகை இருக்கிறது. ஒன்று மருத்துவமனையில் ஓர் இரவு தங்கி, தலையில் மின்முனைகள் ஒட்டி மூளை அலைகளோடு சேர்த்துப் பதிவுசெய்வது. இன்னொன்று, மூக்கில் காற்றோட்டக் குழாய், மார்பிலும் வயிற்றிலும் பெல்ட், விரலில் ஆக்சிஜன் கருவி மாட்டிக்கொண்டு வீட்டிலேயே படுப்பது. இரண்டாவது மலிவு, வசதியும்கூட. ஆனால் உங்களைப் போல இரைச்சலால் தூக்கம் வராமல் விழித்துக் கிடப்பவரிடம் அது தவறிப்போகும் ஓர் இடம் இருக்கிறது, அதைப் புரிந்துகொள்ளுங்கள்.

மூச்சுத்தடையின் கடுமையை மணிக்கு எத்தனை தடவை என்ற எண்ணால் சொல்கிறோம். ரிப்போர்ட்டில் AHI என்று இருக்கும். 5க்குக் கீழே இயல்பு, 5 முதல் 15க்குள் லேசானது, 15 முதல் 30க்குள் நடுத்தரம், 30 தாண்டினால் கடுமையானது. வீட்டுக் கருவிக்கு நீங்கள் தூங்குகிறீர்களா விழித்திருக்கிறீர்களா என்று சரியாகத் தெரியாது, மாட்டியிருந்த நேரம் முழுவதாலும் வகுத்துவிடும். எட்டு மணி நேரப் பதிவில் 96 தடை என்று வைத்துக்கொள்வோம். கருவி 12 என்று சொல்லும், லேசானது என்று அனுப்பிவிடுவார்கள். உண்மையில் நீங்கள் ஐந்து மணி நேரம்தான் தூங்கியிருந்தால் அதே 96 தடை மணிக்கு 19 ஆகிவிடும். அது நடுத்தரம், சிகிச்சை தேவைப்படும் எண். அதனால் எந்நேரம் விளக்கணைத்தீர்கள், ஏறக்குறைய எப்போது தூங்கினீர்கள், இடையில் எவ்வளவு நேரம் விழித்திருந்தீர்கள் என்பதை ஒரு தாளில் எழுதி ரிப்போர்ட்டோடு இணையுங்கள். வீட்டுச் சோதனை இயல்பு என்று வந்தும் வீடியோவில் மூச்சு நிற்பது தெரிந்தால், தங்கி எடுக்கும் சோதனையைக் கேளுங்கள். மாத்திரையைப் பரிசோதனை இரவில் போடுவதா வேண்டாமா என்பதையும் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள், நீங்களாக அன்று மட்டும் நிறுத்த வேண்டாம்.

இதோடு ரத்தத்தில் தைராய்டு, சர்க்கரை இரண்டையும் பார்த்துவிடுங்கள். தைராய்டு மந்தமானால் குறட்டை, சோர்வு, எடை, காது மந்தம் எல்லாம் சேர்ந்து வரும், மாத்திரையில் சரியாகும். அது இருந்தும் கவனிக்காமல் விட்டால் மற்றதெல்லாம் வீண்வேலை.

மூச்சு மெஷின் காதைக் கெடுக்குமா?

சிபேப் என்கிற அந்த மெஷின் காற்றை மூக்கு வழியாக மென்மையான அழுத்தத்தில் செலுத்தி, தொண்டை சரிந்து மூடாமல் தாங்கிப்பிடிக்கிறது. பெரும்பாலான மெஷின்களில் 4 முதல் 20 சென்டிமீட்டர் நீரழுத்தம் வரை வைக்கலாம். மூக்கைப் பலமாகச் சிந்தும்போது மூக்கின் பின்பகுதியில் உண்டாகிற அழுத்தம் இதைவிடப் பன்மடங்கு அதிகம். மூக்கின் பின்புறத்திலிருந்து நடுக்காதுக்கு ஒரு குழாய் போகிறது, அதன் வழியாகக் கொஞ்சம் அழுத்தம் ஏறிக் காது அடைத்த மாதிரி, உப்பின மாதிரி தோன்றலாம். பயம் வந்தது இதனால்தான். ஆனால் அந்தக் காற்று உள்காதுக்குப் போவதில்லை, மயிர்ச்செல்களைத் தொடுவதும் இல்லை.

அடைப்பு வந்தால் பெரும்பாலும் மூக்கடைப்புதான் காரணம். படுப்பதற்கு முன் உப்புநீர் ஸ்பிரே அடித்து மூக்கைத் திறந்துவையுங்கள். ஈரப்பதம் தரும் தொட்டியைப் பொருத்துங்கள், அதில் காய்ச்சி வடித்த நீர்தான் ஊற்ற வேண்டும். மெஷினில் ராம்ப் என்ற அமைப்பு இருக்கும், அழுத்தம் படிப்படியாக ஏற அது உதவும். அப்படியும் காது வலித்தால், அழுத்தத்தை நீங்களே குறைக்காமல் மருத்துவரிடம் மறுஅளவு கேளுங்கள். கடும் சளி பிடித்த இரவுகளில் ஓரிரு நாள் மெஷினை விட்டுவைக்கலாமா என்பதையும் அவரிடமே கேளுங்கள். காதுச் சவ்வில் ஓட்டை இருப்பவருக்குக் காதிலிருந்து காற்றுச் சீறும் சத்தம் கேட்கும், அவர்கள் எங்களிடம் காதைக் காட்டிவிட்டுத் தொடங்க வேண்டும்.

பெரும்பாலானோர் கைவிடுவது முகமூடி சரியாக உட்காததால். ஓரத்தில் காற்று கசிந்தால் அந்தச் சீறல் காதுக்கு அருகிலேயே கேட்கும், இரைச்சல் உள்ளவருக்கு அது பெரிய எரிச்சல். தாடி இருந்தால் கசிவு கூடும். மூக்குக்கு மட்டும் வருவது, வாயையும் மூடுவது, மூக்குத்துளையில் செருகுவது என்று மூன்று வகை முகமூடிகளையும் போட்டுப்பார்த்து, படுத்துப் புரண்டு பார்த்து வாங்குங்கள். அதனால்தான் முதலில் மாத வாடகைக்கு எடுங்கள் என்கிறேன். பழைய மெஷின் மலிவாகக் கிடைத்தால் மாடல் எண்ணைப் பாருங்கள். சத்தம் குறைக்க வைத்த நுரைப்பஞ்சு சிதைவதால் பிலிப்ஸ் நிறுவனம் 2021 ஜூனில் பல மாடல்களைத் திரும்பப் பெற்றது, அந்தச் சரக்கு வேண்டவே வேண்டாம். முகமூடியின் மென்பகுதியைத் தினமும், குழாயை வாரம் ஒருமுறை மென்சோப்பில் கழுவினால் போதும்.

பலன் தெரிய அளவுகோல் இரண்டு: இரவில் குறைந்தது நான்கு மணி நேரம் மாட்டியிருக்க வேண்டும், ஆறேழு மணி நேரமானால் நல்லது. மெஷினின் திரையில் மீதமுள்ள AHI 5க்குக் கீழே வர வேண்டும். பகல் தூக்கம் சில வாரங்களில் குறையும், பிரஷரும் கொஞ்சம் இறங்கக்கூடும், அதனால் மருந்தளவைப் பார்க்கும் மருத்துவரிடம் சொல்லிவையுங்கள். இரைச்சல் நின்றுவிடும் என்று மட்டும் எதிர்பார்த்து வாங்காதீர்கள். செத்த மயிர்ச்செல் மனிதருக்கு மறுபடி முளைக்காது, 4000 ஹெர்ட்ஸ் பள்ளம் அப்படியேதான் இருக்கும். சிபேப்பால் இரைச்சல் குறைந்தே தீரும் என்று உறுதி சொல்லும் பலம் ஆய்வுகளுக்கு இல்லை. நான் எதிர்பார்ப்பது இரவு விழித்துக் கிடக்கிற நேரம் சுருங்கி, அதனால் இரைச்சலின் தொல்லை குறைவதை. அது வர இரண்டு, மூன்று மாதம் ஆகலாம்.

எடை விஷயத்தில் ஒரே ஒரு எண் சொல்கிறேன். அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் ஆண்டுக்கணக்கில் தொடர்ந்து பார்த்த ஓர் ஆய்வில், எடை 10 சதவீதம் குறைந்தவர்களின் மூச்சுத்தடை எண் சுமார் கால்பங்கு இறங்கியது. உங்களுக்கு அது ஒன்பது கிலோ. கால்பங்கு என்பது 19ஐ 14 ஆக்கும், இயல்பாக்கிவிடாது. ஆகவே மெஷினோடு சேர்த்துச் செய்ய வேண்டியது, அதற்குப் பதிலாக அல்ல. மல்லாந்து படுப்பதைத் தவிர்ப்பதும் பலருக்கு உதவும், முதுகுப் பக்கம் தலையணை முட்டுக்கொடுத்துப் பாருங்கள்.

லேசரில் உள்நாக்கு

மைத்துனரிடம் இதைக் காட்டுங்கள். லேசரில் உள்நாக்கையும் அண்ணத்தின் ஓரத்தையும் சுருக்கினால் அதிர்கிற திசு குறையும், சத்தம் குறையும். அடைப்பு நாக்கின் அடிப்பகுதியில் இருந்தால் மூச்சு நிற்பது அப்படியே இருக்கும். மோசம் என்னவென்றால், இத்தனை நாள் உங்கள் மனைவியை எழுப்பி எச்சரித்த அந்தச் சத்தம் போய்விடும், தடை மட்டும் சத்தமில்லாமல் தொடரும். அதனால் மூச்சுத்தடைக்கு இந்த லேசர் முறையை நாங்கள் பரிந்துரைப்பதில்லை. உறக்கப் பரிசோதனை இல்லாமல் யாராவது தேதி கொடுத்தால் எழுந்து வந்துவிடுங்கள். பெரிய டான்சில், வளைந்த மூக்குத்தண்டு போன்றவற்றுக்கு அறுவைசிகிச்சை வேறு கணக்கு, அதைப் பார்த்துத்தான் சொல்ல முடியும்.

கீழ்த்தாடையை முன்னே இழுத்துப் பிடிக்கும் பல் கருவி லேசான, நடுத்தர மூச்சுத்தடைக்கு உதவும், பல் மருத்துவர் அச்செடுத்துச் செய்வார். ஆடாத பற்கள் போதுமான அளவு இருக்க வேண்டும். காது இரைச்சல் உள்ளவர்கள் அதற்கு முன் தாடை மூட்டைக் காட்டிவிட வேண்டும், அந்த மூட்டு வலித்தால் இரைச்சலும் கூடுகிறவர்கள் உண்டு.

உங்கள் மனைவியும் உங்கள் தறியும்

குறட்டை பெரும்பாலும் 50 முதல் 70 டெசிபலுக்குள் இருக்கும். அந்த அளவு அவர் காதைக் கெடுக்காது, உறக்கத்தைக் கெடுக்கும். எப்போதாவது 80ஐத் தாண்டும் குறட்டையும் உண்டு, போனில் ஒலி அளக்கும் செயலி வைத்துத் தலையணை அருகே தோராயமாகப் பார்க்கலாம். பஞ்சு சில டெசிபலுக்கு மேல் தடுக்காது. நுரையாலான காதடைப்பான் வாங்கிக் கொடுங்கள். விரலால் மெல்லிய திரியாக உருட்டி, மறுகையால் காதுமடலை மேலும் பின்னும் இழுத்து, செருகி, அரை நிமிடம் பிடித்திருந்தால் உள்ளே விரிந்து இறுகும். பாதி வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் அது வேலை செய்யவில்லை.

அதே அடைப்பான்தான் உங்களுக்கும், ஆனால் பகலில். டப்பாவில் 29, 33 என்று போட்டிருக்கும் டெசிபல் சோதனைக்கூட எண். தோராயமாக அதில் 7ஐக் கழித்துப் பாதியாக்கினால் கூடத்தில் கிடைக்கும் பாதுகாப்பு வரும்: 33க்கு 13. அதாவது 97 என்பது 84 ஆகும், எட்டு மணி நேரத்துக்கு அது போதும். நாடா சிக்கினாலோ இழை அறுந்தாலோ தெரியாது என்று தறிக்காரர்கள் இதை மறுப்பார்கள். இரண்டு வாரம் போட்டால் தறியின் ஒலிமாற்றம் அடைப்பானோடும் பிடிபடும். கூடத்தில் வேலை பார்ப்பவர்களுக்கும் சேர்த்து வாங்குங்கள்.

இரவில் மட்டும் நீங்கள் காதை அடைக்காதீர்கள், நிசப்தத்தில் இரைச்சல் மேலே எழும். ஃபேன் சத்தமோ போனில் மழைச் சத்தமோ மெல்ல வையுங்கள். இரைச்சலை முழுக்க மூழ்கடிக்காமல், அது அடியில் கேட்கிற அளவுக்குச் சற்றுக் கீழே இருக்கட்டும். தூக்கம் வந்த பிறகு படுப்பது, எப்படித் தூங்கினாலும் ஒரே நேரத்தில் எழுவது ஆகியவை கைகொடுக்கும். தூக்கமின்மைக்கான உளவியல் பயிற்சி காது இரைச்சலின் தொல்லையையும் குறைப்பதாக நல்ல சான்று உண்டு. ஆனால் படுக்கை நேரத்தைச் சுருக்குகிற பகுதியை மூச்சுத்தடைக்குச் சிகிச்சை தொடங்கிய பிறகே செய்ய வேண்டும், ஏற்கெனவே கண் சொருகுகிறவர் வண்டி ஓட்டுவார். அதுவரை நூல் எடுக்க விடிகாலையில் தனியாக வண்டியில் போக வேண்டாம்.

இதில் எதுவும் வந்தால் தாமதிக்காதீர்கள்

ஒரு காது திடீரென்று, ஒரு நாளிலோ மூன்று நாளுக்குள்ளோ மந்தமானால் அன்றே காது மருத்துவரைப் பாருங்கள். ஸ்டீராய்டு சிகிச்சை முதல் இரண்டு வாரத்துக்குள் தொடங்கினால்தான் பலனுக்கு வாய்ப்பு அதிகம், 'காதில் தண்ணீர் போயிருக்கும்' என்று பார்த்திருந்தால் அந்த நாட்கள் போய்விடும். இரைச்சல் நாடித்துடிப்போடு சேர்ந்து துடித்தால் அது சில்வண்டு இல்லை, ரத்தக்குழாய்களைப் பார்க்க ஸ்கேன் வேண்டும். இரைச்சல் ஒரே காதில் மட்டும் நின்றாலோ, இரண்டு காதின் ஆடியோகிராமுக்கு இடையே அடுத்தடுத்த அலைவரிசைகளில் 15 டெசிபலுக்கு மேல் வித்தியாசம் வந்தாலோ எம்.ஆர்.ஐ. எடுக்க வேண்டும். உங்களுக்கு இப்போது 4000இல் 5 டெசிபல்தான் வித்தியாசம், எனவே இடப்பக்கம் கூடுதலாகக் கேட்பதற்காக மட்டும் இப்போது ஸ்கேன் தேவையில்லை. திங்கட்கிழமை எடுக்கும் புது ஆடியோகிராமிலும் வித்தியாசம் இதே அளவில் நின்றால், அடுத்ததை ஆறு மாதம் கழித்து எடுங்கள். அதுவும் திங்கட்கிழமை காலையில்.